கரண்ட் போனால் மங்கும் விளக்கு

மாமா வீட்டு மாடிப்படியில் ஒரு சின்ன விளக்கு வேண்டும் என்றார். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அதில் இரண்டு மின்விசிறியும் கூடத்து விளக்கும் மட்டும்தான் ஓடும். படி இருட்டாகவே கிடக்கும். இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே நேராக ஒரு ஒயரை இழுத்து, மூன்று வெள்ளை எல்.இ.டி.களை வரிசையாகக் கோத்து மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இரவும் பகலும் எரியட்டும், எவ்வளவு மின்சாரத்தைத் தின்றுவிடப் போகிறது!

எல்.இ.டி.யைப் பேட்டரியில் நேராக மாட்ட முடியாது என்பது பலருக்குத் தெரியும். நடுவில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். என் எல்.இ.டி. ஒவ்வொன்றும் 20 மில்லிஆம்பியர் ஓடும்போது 3.2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் சேர்த்து 9.6. பேட்டரி 12 என்றால் மிச்சம் 2.4 வோல்ட், அதற்கு 120 ஓம் ரெசிஸ்டர் போட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் 12 வோல்ட் பேட்டரி 12 வோல்ட்டில் நிற்பதே இல்லை. சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், தீரும் நேரத்தில் 11-க்கு இறங்கும். அதே 120 ஓமை வைத்துக் கணக்குப் போட்டால் கீழே 15 மில்லிஆம்பியர், மேலே 35 மில்லிஆம்பியர் வருகிறது. இந்த ரக எல்.இ.டி.க்கு 30-தான் எல்லை. பேட்டரி 30 சதவீதம் ஏறினால் எல்.இ.டி.யின் மின்னோட்டம் இரண்டு மடங்குக்கு மேல் எகிறுகிறது. ரெசிஸ்டரின் பங்குக்கு வந்த அந்த மிச்ச வோல்ட் மிகக் குறைவு என்பதுதான் காரணம். பேட்டரியின் ஏற்ற இறக்கம் முழுவதும் அதன் தலையில்தான் விழுகிறது.

ஆகவே பேட்டரி எப்படி ஆடினாலும் 20 மில்லிஆம்பியரை மட்டும் விடும் ஒரு சுற்று வேண்டும். நாலே உருப்படிகளில் அதைச் செய்துவிடலாம்: பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒன்று, 4.7 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்று, ரெசிஸ்டர் இரண்டு. எல்லாம் சேர்த்து ஒரு டீயின் விலை வராது.

எல்.இ.டி. சரத்தின் மேல்முனை பேட்டரியின் பிளஸ்ஸில் இருக்கிறது. கீழ்முனை டிரான்சிஸ்டரின் கலெக்டரில். டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து 200 ஓம் ரெசிஸ்டர் ஒன்று மைனஸுக்குப் போகிறது. பேஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஜீனர். பிளஸ்ஸிலிருந்து 1.5 கிலோ ஓம் வழியாக அந்த ஜீனருக்குக் கொஞ்சம் மின்னோட்டம். முடிந்தது. மேலே இருக்கும் எல்.இ.டி.யிலிருந்து மின்னோட்டத்தை இழுத்துக் கீழே மைனஸில் கொட்டுவதால் இதற்கு 'கரண்ட் சிங்க்' என்று பெயர். கழுவு தொட்டி என்று நினைத்துக்கொண்டால் தவறில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்பது அழகான விஷயம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜீனர் டயோடு தலைகீழாக மாட்டப்பட்டு, ஒரு குறிப்பிட்ட வோல்ட்டில் 'உடைந்து' நிற்கும் டயோடு. உடைவது என்றால் கெட்டுப்போவது அல்ல. 4.7 வோல்ட்டைத் தாண்டி யார் தள்ளினாலும் கதவைத் திறந்து மிச்சத்தைக் கீழே விட்டுவிடும். மின்காப்புப் பொருள்கள் இப்படி உடைவதற்கு 1934-இல் விளக்கம் எழுதிய அமெரிக்க இயற்பியலர் கிளாரன்ஸ் ஜீனரின் பெயர்தான் அதற்கு. வேடிக்கை என்னவென்றால், சுமார் 5 வோல்ட்டுக்கு மேற்பட்ட ஜீனர்களில் பெரும்பாலும் நடப்பது அவர் சொன்ன உடைப்பே அல்ல, பனிச்சரிவு போன்ற வேறொரு வகை. பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆக, பேஸ் 4.7 வோல்ட்டில் ஆணியடித்தது போல நிற்கிறது. டிரான்சிஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஏறக்குறைய 0.7 வோல்ட் இருக்கும். எனவே எமிட்டர் 4.0 வோல்ட்டில் இருந்தாக வேண்டும். அந்த 4 வோல்ட் 200 ஓமின் மேல் விழுகிறது. நான்கை இருநூறால் வகுத்தால் 20 மில்லிஆம்பியர். எமிட்டரில் ஓடும் இந்த மின்னோட்டத்தில் நூற்றில் ஒரு பங்குதான் பேஸிலிருந்து வருவது. மற்ற தொண்ணூற்றொன்பதும் கலெக்டர் வழியாக, அதாவது எல்.இ.டி. வழியாக வந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் பேட்டரியின் வோல்ட் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சூட்சுமமே அதுதான். எந்தக் காரணத்தாலோ மின்னோட்டம் கொஞ்சம் கூடப் பார்த்தால், 200 ஓமின் மேல் விழும் வோல்ட் கூடும், எமிட்டர் மேலே ஏறும். பேஸ் நகரவில்லை, ஆகவே இரண்டுக்கும் இடைவெளி சுருங்கும். அந்த இடைவெளி 60 மில்லிவோல்ட் சுருங்கினாலே டிரான்சிஸ்டர் விடும் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகிவிடும். எனவே அது ஏறுவதற்கு முன்பே தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. குறைந்தால் இதற்கு நேர்மாறு. ஏரி மதகில் ஒருவர் உட்கார்ந்து, ஏரியில் தண்ணீர் ஏற ஏறப் பலகையை இறக்கியும், வற்ற வற்ற உயர்த்தியும், வாய்க்காலில் எப்போதும் ஒரே அளவு தண்ணீரை விடுகிறாரே, அந்த வேலை.

வீட்டில் 15 வோல்ட் அடாப்டரில் மாட்டிப் பார்த்தேன். மல்டிமீட்டர் 20 காட்டியது. மாமா வீட்டில் கொண்டுபோய் மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நாலாம் நாள் போன் வந்தது.

"மாப்ள, கரண்ட் இருந்தா உன் லைட்டு நல்லா எரியுது. கரண்ட் போன அந்த செகண்டே மங்கிடுது. கரண்ட் போனா எரியணும்னுதான உன்கிட்ட கேட்டேன்?"

"பேட்டரில தண்ணி ஊத்தி எவ்வளவு நாளாச்சு மாமா?"

"பேட்டரி வாங்கியே ரெண்டு மாசம்தான் ஆகுது."

பேட்டரி ஆடினாலும் ஆடாத விளக்கு என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மெயின் சுவிட்சை நிறுத்தினேன். விளக்கு கண்ணெதிரே மங்கியது. பேட்டரியில் மீட்டரை வைத்தால் 12.6, நல்ல பேட்டரிதான். எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையிலும் வைத்தேன்: 3.35 வோல்ட். இருநூறால் வகுத்தால் ஏறக்குறைய 17 மில்லிஆம்பியர். 20-க்குப் பதில் 17 என்றால் கண்ணுக்கு இவ்வளவு தெரியாதே என்று குழம்பினேன். பிறகு எல்.இ.டி. ஒயரை அறுத்து நடுவில் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். அங்கே ஓடியது 11 மட்டும்.

கீழே 17, மேலே 11. மிச்சம் 6 எங்கிருந்து வந்தது? பேஸிலிருந்து. ஜீனருக்கு என்று நான் 1.5 கிலோ ஓம் வழியாக அனுப்பிய மின்னோட்டம் முழுவதும் ஜீனருக்குப் போகாமல் பேஸுக்குள் பாய்ந்து, எமிட்டர் வழியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஜீனரின் மேல் மீட்டரை வைத்ததும் விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. 4.7 இருக்க வேண்டிய இடத்தில் 4.1. ஜீனர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியாகக் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே பார்த்தேன். 0.1 வோல்ட்.

டிரான்சிஸ்டர் முழுவதுமாகத் திறந்து கிடந்தது. மதகுப் பலகையை உச்சிவரை உயர்த்தியாகிவிட்டது, ஏரியில்தான் தண்ணீர் இல்லை.

நான் போடாமல் விட்ட கூட்டல் இதுதான். எமிட்டரில் 4 வோல்ட் இருந்தால்தான் 20 மில்லிஆம்பியர் வரும். டிரான்சிஸ்டர் கட்டுப்பாட்டோடு வேலை செய்யக் கலெக்டர் அதைவிடச் சில பத்தில் ஒரு வோல்ட்டாவது மேலே நிற்க வேண்டும். 0.2 என்பது கறாரான எல்லை, 0.5 வைத்துக்கொள்வது நல்லது. ஆகக் கலெக்டர் 4.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. எல்.இ.டி. சரத்துக்கு 9.6. இரண்டையும் கூட்டினால் 14.1. பேட்டரி சார்ஜில் இருந்து 14.4 வோல்ட்டில் நிற்கும்போது மட்டும்தான் என் சுற்று சுற்றாக இருந்தது. கரண்ட் போனதும் பேட்டரி 12.6-க்கு இறங்கும், அதோடு கட்டுப்பாடு அறுந்துபோய், வெறும் ரெசிஸ்டர் மாட்டிய விளக்கை விட மோசமாகிவிடும். அடாப்டரின் 15 வோல்ட்டில் சோதித்துவிட்டுத் திருப்திப்பட்டதால் இது கண்ணில் படவே இல்லை.

ஒரு மாறா மின்னோட்டச் சுற்று தன் சொல்லைக் காப்பாற்ற, அதன் வெளிமுனையில் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை இருக்கலாம் என்பதற்குக் 'கம்ப்ளையன்ஸ் வோல்டேஜ்' என்று பெயர். ஈடுகொடுக்கும் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சுற்றின் கீழ் எல்லை, எமிட்டர் வோல்ட்டும் டிரான்சிஸ்டருக்கான அந்த அரை வோல்ட்டும் சேர்ந்தது. அதற்கு மேல் எல்.இ.டி. சரம் எவ்வளவு தின்றாலும், அதாவது கலெக்டர் எங்கே நின்றாலும், மின்னோட்டம் அசையாது. கொஞ்சம் கீழே போனால் ஓசையே இல்லாமல் சரிந்துவிடும். புகை வராது, எதுவும் வெடிக்காது. அதனால்தான் பலர் இந்தக் கோளாறுக்குப் பேட்டரியைத் திட்டுகிறார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஜீனரின் மேல் வோல்ட் விழுந்திருக்கிறதா, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 0.2-க்கும் கீழா என்று இரண்டு இடத்தில் மீட்டரை வைத்தால் போதும். எமிட்டர் ரெசிஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. நல்ல நிலையில் அது உண்மையைச் சொல்லும். தெவிட்டிய நிலையில் பேஸ் மின்னோட்டத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டி ஏமாற்றிவிடும்.

சரி, எப்படித் திருத்துவது? ஒரு எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு இரண்டாக்கினால் 6.4 போதும். 4.5-ஐக் கூட்டினால் 10.9. எந்தக் கஷ்டமும் இல்லாமல் வேலை செய்யும். ஆனால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பேட்டரி கொடுக்கும் சக்தியில் பாதி டிரான்சிஸ்டரையும் ரெசிஸ்டரையும் சூடாக்கப் போகும். படியில் வெளிச்சம் வேண்டும் என்று கேட்டவரிடம் அதைச் சொல்ல மனமில்லை.

இன்னொரு வழி, எமிட்டர் வோல்ட்டைக் குறைப்பது. 4.7-க்குப் பதில் 2.7 அல்லது 3.3 வோல்ட் ஜீனரைப் போட்டால் கீழ் எல்லையும் இறங்கும் அல்லவா? இறங்கும், ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சின்ன வோல்ட் ஜீனர்கள் ஆணியடித்தது போல நிற்பவை அல்ல. மின்னோட்டம் கூடக் கூட மெதுவாக ஏறும், குழைவான ஆட்கள். அதிலும் கடையில் 3.3 வோல்ட் ஜீனர் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது 1 வாட் ரகம். அதன் மேல் எழுதியிருக்கும் 3.3 என்பது 76 மில்லிஆம்பியர் ஓடும்போது வரும் அளவு. நம்மைப் போல 5 மில்லிஆம்பியர் கொடுத்தால் 3.3-ஐ எட்டவே எட்டாது. அரை வாட் கண்ணாடி ரகங்களைப் பெரும்பாலும் 5 மில்லிஆம்பியரில்தான் அளந்து எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட சுற்றுக்கு அவைதான் சரி. ஜீனர் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் கேட்டுவிட்டு வருவது, காலளவு கேட்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

நான் செய்தது மூன்றாவது வழி. ஜீனரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாதாரணச் சிவப்பு எல்.இ.டி.யை, இந்த முறை நேராக, மாட்டினேன். 3 மில்லிஆம்பியரில் அது 1.8 வோல்ட்டில் நிற்கும். சின்ன ஜீனரை விட நன்றாகவே நிற்கும். எமிட்டர் இப்போது 1.1 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே எமிட்டர் ரெசிஸ்டரை 56 ஓம் ஆக்கினேன், மேலே இருந்த 1.5 கிலோ ஓமை 3.3 கிலோ ஓமாக மாற்றினேன். கீழ் எல்லை 1.6 வோல்ட். சரத்தையும் கூட்டினால் 11.2 வோல்ட். கரண்ட் இருந்தாலும் போனாலும் 20.

அப்படியானால் முதலிலேயே எல்லாரும் சிவப்பு எல்.இ.டி. போட்டுவிட வேண்டியதுதானே, ஜீனர் எதற்கு? சும்மா கிடைக்கவில்லை அந்த இடம். டிரான்சிஸ்டரின் அந்த 0.7 வோல்ட் சூடு ஏற ஏறக் குறையும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட். டிரான்சிஸ்டர் தன் வேலையாலேயே 18 டிகிரி சூடானால் எமிட்டர் 36 மில்லிவோல்ட் மேலே ஏறும். எமிட்டரில் 4 வோல்ட் இருந்தால் அது நூற்றில் ஒன்றுகூட இல்லை. 1.1 வோல்ட் மட்டும் இருந்தால் நூற்றில் மூன்றுக்கு மேல். எமிட்டர் ரெசிஸ்டரின் மேல் எவ்வளவு வோல்ட்டைச் செலவழிக்கிறோமோ அவ்வளவு நிதானம் கிடைக்கும், அதே அளவு இடம் பறிபோகும். இரண்டும் ஒரே பையிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. மாடிப்படி விளக்குக்கு மூன்று சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. அளவுக் கருவிக்குள் இதே சுற்றை வைப்பவருக்குப் பொருட்டு. 4.7 வோல்ட் ஜீனரையே நான் முதலில் எடுத்ததற்கும் சூடுதான் காரணம். அந்த ரகம் சூட்டில் ஓரிரு மில்லிவோல்ட் தானும் இறங்கும், அதனால் டிரான்சிஸ்டரின் இறக்கத்தோடு சேர்ந்து பெரும்பாலும் கழிந்துபோகும். 6 வோல்ட்டுக்கு மேலே போனால் ஜீனர் சூட்டில் ஏறும். இரண்டும் ஒரே பக்கம் தள்ளும்.

எல்லைக்கு மேல் முனையும் உண்டு. மாமாவின் நண்பர் ஒருவர் லாரி வைத்திருக்கிறார். படி விளக்கைப் பார்த்துவிட்டு, கேபினில் ஒரே ஒரு எல்.இ.டி. எரிந்தால் போதும், செய்து தா என்றார். லாரி 24 வோல்ட், இஞ்சின் ஓடும்போது 28. இங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை என்று பழைய ஜீனர் சுற்றை எடுத்தேன், ஜீனருக்குப் போகும் ரெசிஸ்டரை மட்டும் 3.9 கிலோ ஓம் ஆக்கினேன். பி.சி.547 கலெக்டரில் 45 வோல்ட் வரை தாங்கும். ஆனால் வோல்ட்டைத் தாங்குவது வேறு, சூட்டைத் தாங்குவது வேறு. 28-லிருந்து எல்.இ.டி.யின் 3.2, எமிட்டரின் 4, இரண்டையும் கழித்தால் 20.8 வோல்ட் முழுக்க டிரான்சிஸ்டரின் மேல். 20 மில்லிஆம்பியரால் பெருக்கினால் 416 மில்லிவாட். தாளில் 500 வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறதே என்றால், அது அறை 25 டிகிரியில் இருக்கும்போது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 4 மில்லிவாட்டைக் கழிக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய கேபினுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா 55 டிகிரிக்குப் போவது ஆச்சரியமில்லை. அப்போது அனுமதி 380 மட்டும்.

இதற்குத் தீர்வு டிரான்சிஸ்டரைப் பெரிதாக்குவது அல்ல. எல்.இ.டி.யோடு வரிசையாக ஒரு 680 ஓம் அரை வாட் ரெசிஸ்டரைச் சேர்த்தேன். அது 13.6 வோல்ட்டைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டு சூட்டையும் வாங்கிக்கொள்ளும். டிரான்சிஸ்டரின் மேல் 7.2 வோல்ட், 144 மில்லிவாட். தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இஞ்சின் நின்று 24 ஆனாலும் கலெக்டரில் 7.2 வோல்ட் நிற்கிறது, 4.5 எல்லைக்கு மேலே நிறைய இடம். முன்பு எங்களுக்குப் பற்றாக்குறையாக இருந்தது இங்கே உபரியாக இருந்ததால், அதை எடுத்துச் சூட்டுக்குக் கொடுத்தாயிற்று.

மாமா வீட்டு விளக்கு இரண்டு வருஷமாக எரிகிறது. போன மாதம் மறுபடி போன்.

"மாப்ள, பழையபடி மங்குது. ஆனா கரண்ட் போன உடனே இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு."

சுற்றில் 11 வோல்ட்டுக்குக் கீழேதான் அது மங்கும். ஒரு மணி நேரத்தில் 11-ஐத் தொடுகிறது என்றால்...

"இப்பவாவது பேட்டரிக்குத் தண்ணி ஊத்துங்க மாமா."

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. "ரெண்டு வருஷமா ஊத்தல" என்றார்.